கரண்ட் சிடிசி கட்டத்துல கைக்கு வர்றத போட்டுட்டேன், மாத்த வழி இருக்கா?

கோவை_கணக்கு: வணக்கம்ங்க, கோயமுத்தூர்ல அக்கவுண்ட்ஸ் வேலை, 3 வருஷம் ஆச்சு. நேத்து ஆன்லைன்ல ஒரு வேலைக்கு அப்ளை பண்ணேன், கரண்ட் சிடிசி, எக்ஸ்பெக்டட் சிடிசி ரெண்டுமே கட்டாயம், நம்பர் மட்டும்தான் எடுக்குது. மாசம் 30,470 அக்கவுண்ட்ல ஏறுது, அத 12ஆல பெருக்கி 3.65 லட்சம்னு போட்டு, 30 சதவீதம் சேத்து 4.75 கேட்டுட்டேன். இப்ப பழைய ஆஃபர் லெட்டர எடுத்துப் பாத்தா 4.8 லட்சம்னு இருக்கு. பயமா இருக்குங்க.

தென்காசி_தம்பி: நம்பர் கட்டம்னா 0 போட்டுருங்க, நான் எப்பவும் அதான் பண்றேன், அப்புறம் பேசிக்கலாம்.

ஹெச்ஆர்_அக்கா: 0 சில ஃபார்ம்ல போகும் தம்பி, ஆனா நாங்க பட்ஜெட் வெச்சு லிஸ்ட்ட வடிகட்டும்போது அந்த பேர் வராமலே போயிரும். கோவை, நீங்க இப்ப வாங்குற பேக்கேஜ விட 5,000 கம்மியா கேட்டிருக்கீங்கம்மா. 4.8ல வேரியபிள் எவ்வளவு?

கோவை_கணக்கு: 60,000. போன வருஷம் 36,000தான் குடுத்தாங்க.

ஹெச்ஆர்_அக்கா: அப்ப பாருங்க, 4.8ல அந்த 60,000 கழிங்க, கம்பெனி கட்டுற பிஎஃப் மாசம் 1,800 வீதம் 21,600, கிராஜுவிட்டி 8,600 சொச்சம், மிச்சத்த 12ஆல வகுத்தா மாசம் 32,478. அதுல உங்க பங்கு பிஎஃப் 1,800, தொழில் வரி 208 போனா நீங்க சொன்ன 30,470 சரியா வருது. கணக்கு தப்பில்ல, போட்ட கட்டம்தான் தப்பு. ரெக்ரூட்டருக்கு இன்னைக்கே மெயில் போடுங்க: "படிவத்தில் கையில் வரும் சம்பளத்தைக் குறிப்பிட்டுவிட்டேன். தற்போதைய சிடிசி 4.8 லட்சம், அதில் வேரியபிள் 60,000. எதிர்பார்ப்பு ஃபிக்ஸ்டு 5.5 முதல் 6 லட்சம்." இவ்வளவு போதும். கவர் லெட்டர்ல விளம்பரம் கேட்டா மட்டும் சம்பளம் எழுதுங்க, கேக்கலைன்னா வேண்டாம்.

மதுரை_மணி: கரண்ட்ட 6னு போட்டா 7.5 கிடைக்கும்ல, யாரு பாக்கப் போறா.

ஹெச்ஆர்_அக்கா: கடைசி 3 மாச பேஸ்லிப்பும் ஃபார்ம் 16ம் கேப்பாங்க மணி, ஆஃபர் குடுத்த பிறகு கேன்சல் ஆனத நானே பாத்திருக்கேன். எதிர்பார்ப்ப எவ்வளவு வேணா கேளுங்க, அது உங்க உரிமை, கரண்ட்ல பொய் வேண்டாம்.

துபாய்_ரஃபீக்: இங்க மாச கணக்குலதான் கேப்பாங்க, நான் வருஷத்துக்குப் போட்டு மாட்டுனேன். கட்டத்துக்குப் பக்கத்துல மாசமா வருஷமான்னு பாத்துருங்க சகோ.

கோவை_கணக்கு: மெயில் அனுப்பிட்டேன் அக்கா, ரொம்ப நன்றி. இன்னொன்னு, ஏப்ரல்ல இன்கிரிமென்ட் வரணும், லெட்டர் இன்னும் கைல இல்ல, அத கரண்ட்ல சேக்கலாமா?

ஹெச்ஆர்_அக்கா: சேக்காதீங்க, பேச்சுல சொல்லுங்க.

சேலம்_ரெக்ரூட்டர்: நான் மெயில்லயே ஒரு வரி எழுதச் சொல்லுவேன், இல்லன்னா பழைய நம்பர்லயே ஆஃபர் ரெடி ஆயிருது. அக்கா ஒத்துக்க மாட்டாங்கன்னு தெரியும்.