மன்னார்குடிச் சுவரில் எடுபடும் நாடகப் பெயர்: உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

கீழவீதி:
மன்னார்குடியில் ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களுமாகச் சேர்ந்த ஒரு அமெச்சூர் குழு. நாடகம் ஒன்றே முக்கால் மணி நேரம். பொதுக் கிணற்றுக்காக இரண்டு பங்காளி வீடுகள் கோர்ட் படியேறும் கதை. எழுதியவர் வைத்த பெயர் ‘பங்காளிகளின் கிணற்றுத் தகராறு’. குழுவின் பெயர் ‘மன்னார்குடி முத்தமிழ் நண்பர்கள் நாடகக் கலைக்குழு’. 20க்கு 30 அங்குலத்தில் போஸ்டர் 200, பிட் நோட்டீஸ் 2000, எல்லாம் ஒரே கலர். அச்சகத்தில் போட்டுக் கொடுத்த மாதிரியில் இரண்டு பெயருமே பொடியாகக் கிடக்கின்றன. எழுத்துருவை மாற்றினால் சரியாகுமா, பெயரிலேயே கைவைக்க வேண்டுமா?

பசைவாளி:
பெயரில்தான் கைவைக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 அங்குல அகலத்தில் பக்கத்துக்கு ஓர் அங்குலம் விட்டால் கையில் இருப்பது 18. தமிழில் ‘ட’, ‘ப’ எல்லாம் ஒல்லி. ‘ண’, ‘ளி’, ‘கா’ போன்றவை உயரத்தைவிட ஒன்றரை மடங்கு அகலம் கேட்கும். உங்கள் முழுத் தலைப்பையும் ஒரே வரியில் அடித்தால் எழுத்து ஓர் அங்குல உயரத்தைத் தாண்டாது. ஓர் அங்குல எழுத்தைப் பத்தடியில் நின்றால்தான் சிரமமில்லாமல் படிக்கலாம். எதிர்ச்சாரியில் நடப்பவருக்கும் பஸ் ஜன்னலில் இருப்பவருக்கும் அது பயன்படாது.

இந்த இடத்தில் டி.டி.பி. செய்பவர்கள் எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்கி உயரத்தை இழுத்துவிடுவார்கள். அதற்குச் சம்மதிக்காதீர்கள். நசுக்கினால் முதலில் கெடுவது சுழிகள்தான். உங்கள் தலைப்பில் ‘ண’ இருக்கிறது. மூன்று சுழிகளும் ஒட்டிக்கொண்டு மை ஏறினால் ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் வித்தியாசம் தெரியாது, ‘கினறு’ என்று ஊர் படிக்கும்.

தலைப்பை ‘பங்காளிக் கிணறு’ என்று சுருக்கி இரண்டு வரியாக அடுக்குங்கள். மேல் வரி ‘பங்காளிக்’ 18 அங்குலத்தில் மூன்று அங்குல உயரத்துக்கு வரும். ‘கிணறு’ அதைவிடச் சின்ன சொல், எனவே இன்னும் பெரிதாக, நாலு அங்குலத்துக்குக் கிட்டே வைக்கலாம். கண் முதலில் கிணற்றில் விழும், பிறகு பங்காளிக்குப் போகும். முப்பது அடியில் நின்றும் படிக்கலாம்.

ஒரேசொல்:
இவ்வளவு எதற்கு? ‘கிணறு’ என்று மட்டும் வையுங்கள். போஸ்டர் என்றால் ஒரே சொல்தான். எவ்வளவு சின்னதோ அவ்வளவு பெரிய எழுத்து, அவ்வளவுதான் விதி.

நாடகக்காரி:
எழுத்தளவுக்கு நீங்கள் சொல்வது சரிதான் சார். ஆனால் சுவரில் அந்தச் சொல் தனியாக நிற்காது. தலைக்கு மேல் ‘இன்னார் வழங்கும்’ என்ற வரி வரும். ‘மன்னார்குடி நண்பர்கள் வழங்கும் கிணறு’ என்று சேர்த்துப் படித்தால் யாரோ ஊருக்குக் கிணறு வெட்டிக் கொடுப்பதாகத்தான் தோன்றும். ‘பந்தல்’, ‘சோறு’, ‘விளக்கு’ என்று எந்தப் பொருளின் பெயரை வைத்தாலும் இதே சிக்கல். ‘பங்காளி’ முன்னால் வந்துவிட்டால் அது கதையின் பெயர் என்று புரிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. நம் ஊர்ச் சுவர்களில் நாடகப் போஸ்டர் அபூர்வம். ஒட்டியிருப்பதெல்லாம் கட்சி, சினிமா, கண்ணீர் அஞ்சலி, திருமண வாழ்த்து. உங்கள் தலைப்பு இந்த நான்கில் ஒன்றைப் போல ஒலித்தால் கண் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். ‘விடியல்’, ‘எழுச்சி’ என்று ஆரம்பித்தால் கட்சிக்கூட்டம். பிரிவு, கண்ணீர் என்று ஏதாவது சொல் வைத்து, நடுவில் ஒரு பெரியவர் முகத்தை வட்டத்துக்குள் போட்டால் அது அஞ்சலியேதான். பெயரையும் வயதையும்தான் தேடுவார்கள். அதனால் ‘நாடகம்’ என்ற சொல்லை அடியில் பொடியாகப் போடாமல் தலைப்பை ஒட்டியே, தலைப்பில் பாதி உயரத்துக்காவது போடுங்கள்.

ராஜபார்ட் ரசிகன்:
எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் ‘வள்ளி திருமணம்’ போஸ்டரைப் பார்த்திருக்கிறீர்களா? நாடகத்தின் பெயர் அதில் சின்னதாகத்தான் இருக்கும். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் படங்களும் பெயர்களும்தான் பெரிது. கூட்டம் அள்ளுகிறது. நீங்களும் நடிகர்கள் படத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டால் தலைப்பு நீளமாக இருந்தாலும் கவலையில்லை.

நாடகக்காரி:
அண்ணே, அங்கே கதை எல்லோருக்கும் மனப்பாடம். முருகன் யார், வள்ளி யார், நாரதர் எப்போது வருவார் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். இன்றைக்கு ராஜபார்ட் யார், பபூன் யார் என்பதுதான் கேள்வி. அதற்கு அந்தப் போஸ்டர் பதில் சொல்கிறது. மன்னார்குடியில் ஓர் ஆசிரியர் நடிக்கிறார் என்றால் அவருடைய மாணவர்களும் பெற்றோரும் வருவார்கள். மற்றவர்களை இழுக்க வேண்டியது கதையின் பெயர்தான். அந்த ஸ்பெஷல் நாடகப் போஸ்டரின் அமைப்பை அப்படியே எடுத்துப் புதுக்கதைக்குப் போடும் அமெச்சூர் குழுக்கள் தடுமாறுவது இதில்தான்.

பதிவு எண்:
குழு பெயரில் ‘சங்கம்’ போட வேண்டுமானால் 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்துகொள்ளுங்கள். குறைந்தது ஏழு பேர் வேண்டும். ஏற்கெனவே இருக்கும் சங்கத்தின் பெயரையோ அதற்கு ரொம்ப ஒத்த பெயரையோ கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். எனவே இரண்டு மூன்று பெயர்களோடு போவது நல்லது.

கீழவீதி:
பதிவு இப்போதைக்கு எண்ணத்தில் இல்லை சார், போஸ்டரில் பெயர் எப்படி நிற்கும் என்பதுதான் கேள்வி. ஆனாலும் ஒரு சந்தேகம். பின்னால் பதிவு செய்தால் நீளமான பெயரையே போஸ்டரிலும் போட வேண்டியிருக்குமா?

பசைவாளி:
ரசீது, லெட்டர்பேடு, காவல் நிலையத்துக்கும் மண்டபத்துக்கும் கொடுக்கும் மனு இதிலெல்லாம் முழுப்பெயர் இருக்கட்டும். போஸ்டரில் தலைப்புக்கு மேலே வருவது கூப்பிடும் பெயர். இரண்டையும் ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட்டால் குழப்பமில்லை. நோட்டீஸின் அடியில் ஒரே ஒரு முறை முழுப்பெயரைச் சின்ன எழுத்தில் போட்டால் இரண்டும் ஒரே குழுதான் என்று தெரிந்துவிடும். அதற்கும் கீழே வழக்கமாக அச்சகத்தின் பெயரும் ஊரும் வரும். அந்த இடத்தை முன்கூட்டியே ஒதுக்கிவையுங்கள், இல்லாவிட்டால் கடைசி நேரத்தில் உங்கள் வரியை நெருக்கித்தான் அதை நுழைப்பார்கள்.

இப்போது உங்கள் குழுப் பெயர். ‘மன்னார்குடி முத்தமிழ் நண்பர்கள் நாடகக் கலைக்குழு’ என்பதில் ஐந்து சொற்கள். ‘முத்தமிழ்’ ஊருக்கு ஊர் மன்றங்களின் பெயரில் இருக்கிறது, உங்களைத் தனியாகக் காட்டாது. ‘நாடக’மும் ‘கலை’யும் ஒரே வேலையைச் செய்கின்றன. ‘மன்னார்குடி’ என்பதை எழுத்திலும் மேடையிலும் ‘மன்னை’ என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். நாகை, தஞ்சை மாதிரி இரண்டு மூன்று எழுத்தில் முடிந்துவிடும். ‘மன்னை நண்பர்கள் நாடகக்குழு’ என்றால் ஒரே வரியில், முக்கால் அங்குல உயரத்தில் அடங்கும்.

ஒரேசொல்:
உள்ளூரில்தான் போடுகிறார்கள், ஊர்ப் பெயர் எதற்கு? போஸ்டர் ஒட்டியிருப்பதே மன்னார்குடியில்.

பசைவாளி:
வெளியூருக்கு அழைப்பு வந்தால் அங்கேயும் இதே பெயர்தான் போகும். திருவாரூரிலோ பட்டுக்கோட்டையிலோ ‘நண்பர்கள் நாடகக்குழு’ என்று போஸ்டர் ஒட்டினால் யாருடைய நண்பர்கள் என்று தெரியாது. உள்ளூரில் மட்டும் போடப்போகிறீர்கள் என்றால் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

மைக்செட்:
ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லப்போகிறீர்களா? அப்படியானால் பெயரை ஒலிபெருக்கியில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ஓடுகிற வண்டியில் சொல்லின் கடைசி அசை காற்றோடு போய்விடும். ‘தகராறு’ அப்படித் தேய்ந்துபோகும் சொல். ‘பங்காளி’யில் ‘கா’ என்ற நெடில் நடுவில் இருப்பதால் தூரத்திலும் பிடிபடும். கேட்டவர் வீட்டில் போய் என்ன பெயர் சொல்வார் என்பதையும் பாருங்கள். நாலைந்து பேரிடம் ஒருமுறை சொல்லிவிட்டு மறுநாள் கேட்டால் எந்தச் சொல் மனதில் தங்கியிருக்கிறதோ, அதைத்தான் போஸ்டரில் பெரிதாக்க வேண்டும்.

கீழவீதி:
கேட்டுப் பார்த்தாயிற்று. ‘அந்தக் கிணத்து நாடகமா?’ என்றுதான் பெரும்பாலும் திரும்பி வருகிறது. அப்படியானால் ‘கிணறு’ பெரிதாக இருப்பது சரி. எழுதியவருக்குத்தான் மனமில்லை. ‘தகராறு’ போனால் கதையின் வேகமே போய்விடும் என்கிறார்.

நாடகக்காரி:
நோட்டீஸில் தலைப்புக்குக் கீழே ஒரு வரி கொடுங்கள்: ‘ஒரு கிணறு, இரண்டு வீடு, தீராத வழக்கு’ என்பது போல. அவர் சொல்ல நினைப்பது அதில் வந்துவிடும். போஸ்டரில் அந்த வரி வேண்டாம், நோட்டீஸோடு நிற்கட்டும்.

பசைவாளி:
நோட்டீஸைப் பற்றி இரண்டு விஷயம். டெம்மி அளவுத் தாளில் எட்டில் ஒரு பங்கு என்றால் ஐந்தரைக்கு எட்டரை அங்குலம் சுமாராகக் கிடைக்கும். நாளிதழுக்குள் வைத்துப் போட்டாலும் கையில் கொடுத்தாலும் அதை நடுவில்தான் மடிப்பார்கள். தலைப்பு நடுவில் இருந்தால் மடிப்பு அதன் மேலேயே விழும். மேல் மூன்றில் ஒரு பங்குக்குள் தலைப்பு, நாள், நேரம், இடம் நான்கும் முடிந்துவிட வேண்டும். மெல்லிய மஞ்சள் தாளில் கறுப்பு மை தெளிவாக நிற்கும். ரோஸ் தாளில் சிவப்பு மை வேண்டவே வேண்டாம், சாயங்கால வெளிச்சத்தில் எழுத்து தாளோடு கரைந்துவிடும்.

போஸ்டர் எழுத்தையே சுருக்கி நோட்டீஸுக்குப் போடாதீர்கள். மூன்று அங்குலத்தில் தெளிவாக இருக்கும் தடித்த ‘ண’ அரை அங்குலத்தில் அடைத்துக்கொள்ளும். நோட்டீஸுக்கு ஒரு படி மெலிந்த எழுத்து வேண்டும். புள்ளிகளையும் பாருங்கள். ‘ங்’கின் மேல் புள்ளி வெளிறினால் ‘பஙகாளி’ ஆகிவிடும். 2000 ஓட்டுவதற்கு முன் மெஷினில் முதலில் வரும் தாளை வாங்கி, கையை நீட்டிப் பிடித்துப் படியுங்கள். ‘ண’வின் சுழிக்குள் வெள்ளை தெரிந்தால் ஓட்டச் சொல்லலாம்.

கம்பத்தடி:
போஸ்டரை மின்கம்பத்தில் சுற்றி ஒட்டுவார்களே, அதையும் யோசியுங்கள். 20 அங்குலத் தாளைக் கம்பத்தில் சுற்றினால் ஒரு பக்கம் நின்று பார்ப்பவருக்கு எட்டு ஒன்பது அங்குலம்தான் தெரியும். ‘பங்காளிக்’ என்ற வரியில் ‘காளி’ மட்டும் தெரிந்தால் அம்மன் திருவிழா என்று நினைப்பார்கள்.

பசைவாளி:
சரியான கவனிப்பு. கம்பத்துக்கு வேறு அளவில்தான் அடிக்க வேண்டும். பத்து அங்குல அகலத்தில் ஐம்பது தாள் தனியாக, ‘கிணறு’ மட்டும் பெரிதாக, ‘பங்காளி’ அதன் தலையில் சின்னதாக. காசு இல்லையென்றால் கம்பத்தை விட்டுவிடுங்கள், சுவர் மட்டும் போதும். அதுவும் சுவர்க்காரரிடம் கேட்டுவிட்டு. மேலே இன்னொருவர் ஒட்டினால் கீழ்ப்பாதி மறைந்துவிடக்கூடும், எனவே நாளும் இடமும் தலைப்பை ஒட்டியே இருக்கட்டும்.

ஒரேசொல்:
இரண்டு வரியாக உடைத்தால் மேல் வரியின் கடைசியில் ‘க்’ தனியாகத் தொங்குமே? ‘பங்காளி / கிணறு’ என்று ஒற்றை எடுத்துவிட்டால் எழுத்து இன்னும் பெரிதாகும்.

நாடகக்காரி:
எடுக்கக் கூடாது. குழுவில் பாதிப்பேர் ஆசிரியர்கள். தமிழையா நடிக்கும் நாடகத்தின் போஸ்டரில் ஒற்று விட்டுப்போனால் ஊரில் முதல் பேச்சே அதுதான்.

பசைவாளி:
எனக்கு இதில் இரண்டு மனம். ஒற்றோடு மூன்று அங்குலம், இல்லாவிட்டால் மூன்றரைக்கு மேல். சுவரில் அந்த அரை அங்குலம் கண்ணுக்குத் தெரியும். வரி உடைந்து இரண்டு அளவில் நிற்பதால் ‘பங்காளி’ தனிச் சொல்லாகவே படிக்கப்படும் என்றும் வாதிடலாம்.

கீழவீதி:
தமிழையாவிடமே கேட்டேன். நோட்டீஸில் ஒரே வரியாக வருவதால் ஒற்றோடு இருப்பதே நல்லது என்கிறார். போஸ்டருக்கு இரண்டு மாதிரியும் போடச் சொல்லியிருக்கிறோம், எதிர்ச்சாரியில் பிடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வார்களாம். குழுப் பெயர் ‘மன்னை நண்பர்கள் நாடகக்குழு’ என்று ஒத்துக்கொண்டார்கள். ‘முத்தமிழ்’ லெட்டர்பேடில் இருக்கும்.