சென்சார் கம்பி கெடுவதற்கு என்ன சொல்?

இளவரசி:
வணக்கம். தண்ணீர் மோட்டரைத் தானாக இயக்கும் பெட்டிக்குப் பழுதுநீக்கக் கையேடு எழுதுகிறேன். தொட்டிக்குள் தொங்கும் கம்பிகள் கெட்டால், தொட்டி வழிந்தாலும் மோட்டர் நிற்பதில்லை. அந்தக் கேட்டுக்கு ‘அரிமானம்’ போதுமா?

சேகர்:
‘துரு’ போதுமே. சுரண்டிவிட்டால் சரியாகிவிடும்.

முருகேசன்:
சுரண்டினால் சரியாவது ஒரு வகைதான். தண்ணீர் பொதுக் கம்பியையும் மேல்மட்டக் கம்பியையும் இணைத்தால்தான் பெட்டிக்குத் தொட்டி நிரம்பியது தெரியும். சில பெட்டிகள் இதற்கு நேர்மின்சாரம் அனுப்புகின்றன. அப்போது நேர்முனைக் கம்பி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மெலியும், எவர்சில்வரானாலும் தப்பாது. எதிர்முனையில், போர் தண்ணீராக இருந்தால், வெள்ளையாக உப்பு படியும். இரண்டிலும் மோட்டர் நிற்காது. ஆனால் உப்பை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துத் தேய்க்கலாம். கரைந்த கம்பியை மாற்றத்தான் வேண்டும். மூன்றாவது, செம்பு வயரைக் கம்பியோடு முறுக்கிய இடத்தில் ஏறும் பச்சை. அதற்குக் களிம்பு என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே உப்புப்படிவு, களிம்பு, மின்கரைவு என்று மூன்றாகப் பிரிக்கலாம் என்பது என் யோசனை.

பாத்திமா:
எங்கள் வீட்டில் தொட்டி காலியாகியும் மோட்டர் ஓடவே இல்லை. அதுவும் மின்கரைவா?

முருகேசன்:
இல்லை அக்கா, அது நேர் எதிரானது. தொட்டி மேலுள்ள இணைப்பில் ஈரம் இறங்கியிருக்கலாம், கம்பிகளுக்கிடையே பாசி சேர்ந்திருக்கலாம். பெட்டி அதைத் தண்ணீர் என்றே நினைக்கும். மெயினை அணைத்துவிட்டு, பெட்டியில் சென்சார் வயர்களைக் கழற்றிவிட்டு, மெயினை மட்டும் மறுபடி போட்டுப் பாருங்கள். மோட்டர் ஓடினால் கோளாறு வயரிலோ தொட்டியிலோதான். ஓடவில்லையென்றால் பெட்டியையும் ரிலேயையும் பார்க்க வேண்டும். கீழ்த்தொட்டிக்கும் சென்சார் இருந்தால் அந்த வயர்களைக் கழற்றாதீர்கள். சோதனை முடிந்ததும் மோட்டரை அணைக்க மறக்காதீர்கள்.

இளவரசி:
‘மின்கரைவு’ நன்றாக இருக்கிறது. ஆனால் பெட்டி மாறுதிசை மின்சாரம் அனுப்பினால் கரைவு மிகவும் குறையும், இல்லையா? அதை எப்படிக் கண்டறிவது?

முருகேசன்:
ஆமாம். நீர் நிறைந்திருக்கும்போது பொதுக் கம்பிக்கும் மற்றொன்றுக்கும் இடையே மல்டிமீட்டரை டிசி அளவில் வைத்துப் பாருங்கள். நிலையான வோல்ட் காட்டினால் நேர்மின்சாரம். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் பெரும்பாலும் மாறுதிசைதான். ஆனால் விட்டுவிட்டு அனுப்பும் பெட்டிகளும் உண்டு, அவற்றில் இந்தச் சோதனை ஏமாற்றும்.

சேகர்:
மின்கரைவு என்றால் கடைக்காரருக்குப் புரியுமா? ‘கம்பி தின்னுப் போச்சு’ என்றுதானே சொல்வார்கள்!

இளவரசி:
தலைப்பில் மின்கரைவு, பக்கத்தில் ‘கம்பி தின்றுபோதல்’ என்று இரண்டையும் போட்டுவைக்கிறேன். பெட்டிக்குத்தான் இன்னும் சொல் கிடைக்கவில்லை.