கலைச்சொல் தேவை: ‘கிராஸ் கான்டாக்ட்’, ‘மே கன்டெய்ன்’

மீனா:

வணக்கம் நண்பர்களே. ஓர் உணவகத்தின் பட்டியலைத் தமிழாக்கி வருகிறேன். ஒவ்வொரு பண்டத்தின் கீழும் ஒவ்வாமைக் குறிப்பு இருக்கிறது. ‘கன்டெய்ன்ஸ் மில்க்’ என்பதற்குப் ‘பால் சேர்த்தது’ என்று எழுதிவிட்டேன். ‘மே கன்டெய்ன் நட்ஸ்’ வந்ததும் கை நின்றுவிட்டது. ‘கொட்டைகள் இருக்கலாம்’ என்றுதான் முதலில் எழுதினேன். வாசித்துப் பார்த்த தங்கை, “கொட்டை இருந்தா பரவாயில்லைன்னு சொல்றாங்களா?” என்று கேட்டாள். ‘உள்ளே வரலாம்’ என்றால் அனுமதி, ‘மழை வரலாம்’ என்றால் ஐயம். எச்சரிக்கை வரியில் இந்த இரட்டைப் பொருள் இருக்கக் கூடாது.

கடைசிப் பக்கத்தில் ‘எங்கள் சமையலறையில் கிராஸ் கான்டாக்ட் நேரக்கூடும்’ என்ற பொருளில் ஒரு வாசகமும் உண்டு. அதற்கு ஒரு சொல் வேண்டும்.

செந்தில்:

‘கலப்படம்’ என்ற சொல் நம்மிடம் இருக்கிறதே? இல்லையென்றால் ‘மாசு’. பாக்டீரியா ஒரு பலகையிலிருந்து இன்னொன்றுக்குப் போவதைத்தானே சொல்கிறார்கள்? அதுவும் எண்ணெயில் பொரிக்கும் பண்டம் என்றால் அந்தச் சூட்டில் எல்லாம் போய்விடும். அந்த வரியே தேவையில்லை என்பது என் எண்ணம்.

தெய்வநாயகி:

செந்தில், பலகையிலிருந்து பலகைக்குப் போகிறது என்பது சரி. போவது கிருமி அல்ல, ஒவ்வாமையைத் தூண்டும் புரதம். கிருமியைச் சூட்டில் கொல்லலாம். புரதத்துக்கு உயிர் இல்லை, அதனால் கொல்லவும் முடியாது. சூடு அதன் வடிவத்தை மாற்றும். நன்றாக வெந்த முட்டையோ பாலோ சிலருக்கு ஒத்துக்கொள்வது அதனால்தான். ஆனால் வறுத்த நிலக்கடலை பச்சைக் கடலைக்குச் சற்றும் குறையாமல் ஒவ்வாமையைத் தூண்டும். கையில் கிருமிநாசினி ஜெல் தடவினாலும் கடலைப் புரதம் கையிலேயே இருக்கும். சோப்பு போட்டுக் கழுவினால்தான் போகும். பல ஆண்டுகளாகச் சமையல்காரர்களுக்குச் சுகாதாரப் பயிற்சி கொடுத்து வருகிறேன், திரும்பத் திரும்பத் திருத்த வேண்டியிருப்பது இந்த ஒரு நம்பிக்கையைத்தான்.

ஆகவே ‘மாசு’ வேண்டாம். அழுக்கு, கெட்டுப்போனது என்று மனம் போகும். சுத்தமான சமையலறையில், சுத்தமான கடலையிலிருந்து நேர்வது இது. ‘கலப்படம்’ அதைவிடத் தவறு. அது ஏமாற்றுவதற்காக வேண்டுமென்றே செய்வது. உணவகம் தன் பட்டியலில் தானே எழுதிக்கொடுக்கும் குற்ற ஒப்புதலாகிவிடும்.

அறிவழகன்:

அம்மா சொல்வது சரி. ‘குறுக்குத் தொடர்பு’ என்று நேராக மொழிபெயர்க்கவும் வேண்டாம். தொலைபேசி இணைப்பு போல ஒலிக்கிறது. கத்தியிலும் எண்ணெயிலும் ஒட்டிக்கொண்டு வந்து கலக்கிறது என்பதால் ‘ஒட்டுக்கலப்பு’ எப்படி? இரண்டும் எளிய சொற்கள், வேர் தெரிகிறது. சேர்மானமாகப் போட்டது அல்ல என்பதும் அதில் அடங்குகிறது.

ரஹீம்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மகனுக்குப் பால் ஒவ்வாது. போன வருடம் ஓர் உணவகத்தில் ‘பால் இல்லாதது’ என்று தமிழில் போட்டிருந்ததை நம்பி வாங்கிக் கொடுத்தேன். சில நிமிடங்களில் உதடு வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. கையிலிருந்த எபிநெஃப்ரின் ஊசியைத் தொடையில் போட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓடினோம். பிழைத்துக்கொண்டான். அப்புறம் மூலப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் ‘லாக்டோஸ் ஃப்ரீ’ என்று இருக்கிறது. இதற்கும் சேர்த்து ஒரு சொல் உருவாக்குங்கள்.

தெய்வநாயகி:

ரஹீம் தம்பி, படிக்கும்போதே பதறுகிறது. நீங்கள் கேட்பது வேறு சொல், ஆனால் தவறு ஒரே இடத்தில்தான் நடக்கிறது. லாக்டோஸ் என்பது பாலில் உள்ள சர்க்கரை. லாக்டோஸ் நீக்கிய பாலில் நொதியைச் சேர்த்து அந்தச் சர்க்கரையை உடைத்துவிடுகிறார்கள். உங்கள் மகனுக்கு ஆகாத கேசினும் மோர்ப்புரதமும் அப்படியே இருக்கின்றன. அந்தப் பண்டத்துக்கு ‘லாக்டோஸ் நீக்கிய பால் சேர்த்தது’ என்று எழுதியிருக்க வேண்டும். ‘பால்’ என்ற சொல் கண்ணில் பட்டிருந்தால் நீங்களே தள்ளி வைத்திருப்பீர்கள்.

மீனா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ‘இல்லாதது’ என்ற சொல்லைத் தமிழில் நாம் மிகத் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். ‘சேர்க்கவில்லை’ என்பது சமையல்காரர் செய்ததைச் சொல்கிறது. ‘இல்லை’ என்பது தட்டில் இருப்பதைச் சொல்கிறது. இரண்டும் ஒன்றல்ல. குளூட்டன் என்பது கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள புரதம். ‘குளூட்டன் இல்லாதது’ என்று சொல்ல, கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தரப்படி ஒரு கிலோ உணவில் குளூட்டன் 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சமையலில் கோதுமை போடவில்லை என்பதை மட்டும் வைத்து அப்படி எழுத முடியாது.

உங்கள் பட்டியலில் உருளைக்கிழங்கு வறுவல் இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு என்ன குறிப்பு?

மீனா:

இருக்கிறது அம்மா. குளூட்டன் உள்ள பொருள் எதுவும் சேர்க்கவில்லை, பொதுப் பொரிசட்டியில் பொரித்தது என்று மூலத்தில் இருக்கிறது. நான் ‘குளூட்டன் இல்லாதது’ என்று சுருக்கி வைத்திருந்தேன். இப்போது பயமாக இருக்கிறது.

தெய்வநாயகி:

அச்சுக்குப் போகவில்லையே, நல்லது. அந்தச் சட்டியில் வேறு என்ன பொரிக்கிறார்கள் என்று உணவகத்தைக் கேளுங்கள். ஊகித்து நீங்களாக எதையும் சேர்க்காதீர்கள்.

மீனா:

கேட்டேன். கோதுமை மாவில் தோய்த்த மீன். இப்படி மாற்றியிருக்கிறேன்:

“உருளைக்கிழங்கு வறுவல். குளூட்டன் உள்ள பொருள் எதுவும் சேர்க்கவில்லை. ஆனால் கோதுமை மாவில் தோய்த்த மீன் பொரிக்கும் அதே எண்ணெயில் பொரிக்கிறோம்.”

தெய்வநாயகி:

இதைத்தான் எதிர்பார்த்தேன். மூலத்தில் மீனைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை, பாருங்கள். மீன் ஆகாதவருக்கும் இப்போது செய்தி போய்விட்டது. இந்த வரியை உணவகத்தாரிடம் காட்டி, மூலத்திலும் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டு மொழியில் இரண்டு செய்தி இருக்கக் கூடாது.

செந்தில்:

சூடு பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் ‘நனிசைவம்’ என்று குறித்த பண்டங்களில் பால், முட்டைக் குறிப்பை விட்டுவிடலாம் அல்லவா? அங்கே இரண்டுக்கும் இடமே இல்லையே.

அறிவழகன்:

சமைக்கும் முறையில் இடமில்லை, கரண்டியில் இருக்கிறதே! நனிசைவம் என்பது எதைப் போடுவதில்லை என்ற கொள்கை. அதை ஒவ்வாமைக் குறிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

‘நட்ஸ்’ பற்றி யாரும் பேசவில்லை. ‘கொட்டை’ என்றால் புளியங்கொட்டையும் கொட்டைதான். ‘கடலை’ என்றால் ஒருவர் நிலக்கடலை என்பார், இன்னொருவர் கொண்டைக்கடலை என்பார். ‘பருப்பு’ என்றால் முந்திரியும் துவரையும் ஒன்றாகிவிடும். ‘மரக்கொட்டைகள்’ என்று பொதுப்பெயர் வைக்கலாமா?

தெய்வநாயகி:

பொதுப்பெயர் அகராதிக்கு இருக்கட்டும். பட்டியலில் பெயர் சொல்லியே எழுத வேண்டும்: முந்திரி, பாதாம், பிஸ்தா, வால்நட். நிலக்கடலை அவரைக் குடும்பம், அதைத் தனியாகக் குறிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 14 ஒவ்வாமைப் பொருள்களின் பட்டியலிலும் அது தனி வரிதான். எள்ளையும் மறக்காதீர்கள். ‘நல்லெண்ணெய்’ என்று எழுதினால் அதில் எள் இருப்பது தமிழ் அரைகுறையாகத் தெரிந்தவருக்குப் புரியாது. ‘நல்லெண்ணெய் (எள்)’ என்று எழுதுங்கள்.

மீனா:

‘மே கன்டெய்ன்’ வரிக்கு இப்போது என் வரைவு: “நிலக்கடலை சேர்க்கவில்லை. இதே சமையலறையில் நிலக்கடலையைக் கையாள்வதால் சிறிதளவு கலந்துவிடும் அபாயம் உண்டு.” மூலத்தில் ‘நட்ஸ்’ என்று மட்டுமே இருந்தது. எந்தெந்தக் கொட்டை என்று கேட்டதற்கு நிலக்கடலை மட்டும்தான் என்று பதில் வந்தது. கடைசிப் பக்கத்துக்கு ‘ஒட்டுக்கலப்பு’ போடவா?

தெய்வநாயகி:

வரைவு நன்று. ‘லாம்’ போய்விட்டது. ‘ஒட்டுக்கலப்பு’ சமையல்காரர் பயிற்சிக்கு மிகப் பொருத்தம், நாளைக்கே பயன்படுத்துவேன். ஆனால் பசியோடு வந்து உட்கார்பவர் அந்தச் சொல்லை முதன்முறையாகப் பார்ப்பார். அவருக்கு முழு வாக்கியம்தான் வேண்டும்.

அறிவழகன்:

யாரும் அச்சில் போடாவிட்டால் ஒரு சொல் எப்போதுதான் பழகும், அம்மா? வாக்கியத்தை எழுதி, தலைப்பாக மட்டும் ‘ஒட்டுக்கலப்பு எச்சரிக்கை’ என்று போடட்டும்.

ரஹீம்:

தலைப்பு எதுவாகவும் இருக்கட்டும் ஐயா. எழுத்தை மட்டும் பொடியாக்காமல், பண்டத்தின் பெயருக்கு நேர் கீழே போடச் சொல்லுங்கள். கடைசிப் பக்கம் வரை நான் அன்றைக்குப் புரட்டவில்லை.