‘சார் சூத்’ என்று கத்தியவர் யாரையும் திட்டவில்லை: தொழிலிடச் சொற்கள் பற்றிய அனுபவங்கள்

தங்கச்சிமடம், வீடு கட்டிவரும் குடும்பத் தலைவி

தங்கச்சிமடத்தில் நாங்கள் கட்டிவரும் வீட்டில், கம்பி கட்டும் வேலையை எங்கள் மேஸ்திரி பீகாரிலிருந்து வந்த ஒரு குழுவிடம் ஒப்படைத்திருக்கிறார். தூண்களுக்குக் கம்பி கட்டிய நாளில், சாரத்தின் மேல் நின்ற இளைஞர் கீழே கம்பி வெட்டிக்கொண்டிருந்தவரைப் பார்த்து “சார் சூத்! சார் சூத்!” என்று உரக்கக் கத்தினார். அந்த நேரம் பார்த்து எங்கள் பொறியாளர் அவருக்கு நேர் கீழே வந்து நின்றிருந்தார். ‘சார்’ என்று அவரை அழைத்துவிட்டு, பின்புறத்தைக் குறிக்கும் கொச்சைச் சொல்லை அவர் முகத்துக்கு எதிரே சொன்னதாகத்தான் எங்கள் எல்லோருடைய காதிலும் விழுந்தது. என் மாமியார் வெகுண்டு, அந்தப் பையனை அன்றே கணக்கு முடித்து அனுப்பிவிட வேண்டும் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டார்.

மேஸ்திரி பதற்றப்படவில்லை. இடுப்பிலிருந்த டேப்பை இழுத்து, ஓர் அங்குலத்துக்குள் இருக்கும் சிறு கோடுகளைக் காட்டி, “நாம நூல்னு சொல்றத அவுக சூத்னு சொல்லுவாக அம்மா. சார்னா நாலு. நாலு நூல் கம்பி கேக்குறான், அவ்வளவுதான்” என்றார். இந்தியில் அந்தச் சொல்லுக்கும் நூல் என்றுதான் பொருளாம். ஒரே அளவு, ஒரே பொருள். ஆனால் ஒரு மொழியில் கேட்டால் கணக்காகவும் இன்னொரு மொழியில் கேட்டால் வசையாகவும் இருக்கிறது. இப்படிப்பட்ட சொற்களால் வேறு யாருக்காவது சங்கடம் நேர்ந்திருந்தால் எழுதுங்கள். வேலை செய்பவர்கள் மேல் தவறான கோபம் விழாமல் இருக்க அது உதவும்.

இராமநாதபுரம், கட்டடப் பொறியாளர்

உங்கள் மேஸ்திரி சொன்னது சரி. ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். அதாவது மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதல். கடையில் 10 மில்லிமீட்டர் என்று விற்கும் கம்பியை அவர்கள் ‘தீன் சூத்’ என்பார்கள், 12 மில்லிமீட்டர் கம்பியைச் ‘சார் சூத்’ என்பார்கள், 16 மில்லிமீட்டர் கம்பியை ‘பாஞ்ச் சூத்’ என்பார்கள். மெட்ரிக் அளவு வருவதற்கு முன்பிருந்த அங்குலக் கம்பிகளின் பெயர்களே இன்றும் வாயில் நிற்கின்றன. எனவே அவை இன்றைய அளவோடு துல்லியமாகப் பொருந்தா. நான்கு நூல் என்பது அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர், கையில் கிடைக்கும் கம்பியோ 12 தான். இதை அறியாமல் டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போனவர்களும் உண்டு.

இந்தச் சொல்லைத் தடை செய்ததால் நேர்ந்த ஒன்றை நான் நேரில் பார்த்திருக்கிறேன். தேவிபட்டினம் பக்கம் நடந்த ஒரு வேலையில், அக்கம்பக்கத்தார் முகம் சுளிக்கிறார்கள் என்று சொல்லி, அந்த வார்த்தையை இனி யாரும் வாயில் எடுக்கக் கூடாது, விரலைக் காட்டிக் கேளுங்கள் என்று மேற்பார்வையாளர் உத்தரவிட்டுவிட்டார். மாடியிலிருந்து ஒருவர் நான்கு விரல் காட்டுகிறார், கட்டைவிரலை மடக்கி. கடல் வெளிச்சம் கண்ணில் அடிக்கும் உச்சி வேளையில், கீழே இருப்பவருக்கு அது மூன்றாகத் தெரிகிறது. உத்தரத்தின் அடிப்பக்கத்தில் 12 மில்லிமீட்டர் கம்பி நான்கு போட வேண்டிய இடத்தில் 10 மில்லிமீட்டர் கம்பி நான்கு ஏறிவிட்டன. பார்வைக்கு இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் இழுவிசையைத் தாங்குவது கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு. நான்கு 12 கம்பிகளுக்கு அது சுமார் 452 சதுர மில்லிமீட்டர். நான்கு 10 கம்பிகளுக்குச் சுமார் 314 தான். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக வலு போய்விட்டது என்று பொருள். கான்கிரீட் போடுவதற்கு முந்தைய மாலை, இருப்பில் 12 கம்பி கணக்குக்கு மேல் மிஞ்சி நிற்பதைக் கண்டுதான் பிடித்தோம். ரிங்குகளை அவிழ்த்து மாற்றிக் கட்ட ஒரு முழுநாள் போயிற்று.

கம்பியில் ஐயம் வந்தால் டேப்பை நம்பாதீர்கள். மேலே இருக்கும் வரிகளைச் சேர்த்து அளந்தால் விட்டம் கூடுதலாகக் காட்டும். எடை போட்டுப் பார்ப்பதே வழி. மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162 ஆல் வகுத்தால், ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். 12 மீட்டர் நீளமுள்ள 10 கம்பி ஏறக்குறைய 7.4 கிலோவும், அதே நீளத்துக்கு 12 கம்பி ஏறக்குறைய 10.7 கிலோவும் இருக்கும்.

பாம்பன், படகுத் தச்சரின் மகன்

எங்கள் அப்பா படகுப் பலகைகளின் கனத்தை இன்றும் நூலில்தான் சொல்வார். பொறியாளர் இதைச் சிக்கலாக்க வேண்டியதில்லை. நூலை மூன்றால் பெருக்கினால் மில்லிமீட்டர் வந்துவிடும், நான்கு நூல் என்றால் 12 என்று கணக்குச் சரியாக வருகிறதே. நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

இராமநாதபுரம், கட்டடப் பொறியாளர்

நான்கு நூலுக்கு அது பொருந்துவது, கம்பி 12.7 ஆக இல்லாமல் 12 ஆகச் செய்யப்படுவதால்தான். ஐந்து நூல் கம்பிக்கு உங்கள் கணக்கில் 15 வரும். அப்படி ஒரு கம்பி கடையில் இல்லை, இருப்பது 16. பலகையில் வேறுபாடு இன்னும் கூடும். பத்து நூல் பலகை என்றால் 30 அல்ல, ஏறத்தாழ 32 மில்லிமீட்டர். புதுப் பலகையைப் பழைய பலகைக்குப் பக்கத்தில் வைத்துப் பொருத்தும்போது அந்த இரண்டு மில்லிமீட்டர் படியாக நின்றுவிடும். உங்கள் அப்பா மில்லிமீட்டருக்கு மாற்றாமல் நூலிலேயே வெட்டுவதால் அவருக்குத் தவறு வருவதில்லை.

வாலிநோக்கம், லாரி உரிமையாளரும் ஓட்டுநரும்

நான் உப்பு ஏற்றும் லாரி ஓட்டுகிறேன். எங்களுக்குச் சங்கடம் தருவது ‘நிப்பிள்’ என்ற சொல். சாயல்குடிச் சாலையில் ஒரு தேநீர்க் கடை அருகே வண்டியை நிறுத்தி, அடியில் படுத்திருந்த கிளீனரிடம் “நிப்பிளை நல்லாத் துடைச்சிட்டு அடி” என்று சொன்னேன். கடையில் நின்ற பெரியவர் ஒருவர், பெண்கள் வரும் இடத்தில் என்ன பேச்சு இது என்று என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் அவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போய், வண்டியின் பாரம் தாங்கும் வில் பட்டையைப் பிணைக்கும் இரும்புப் பின்னில் திருகியிருக்கும், கிரீஸ் ஏற்றும் அந்தச் சிறு குமிழைக் காட்டினேன்.

அதன் நுனியில் ஒரு சிறு குண்டு இருக்கும், உள்ளே சுருள் வில் அதைத் தாங்கி நிற்கும். கிரீஸ் கன்னை மாட்டி அடித்தால் குண்டு உள்ளே போய் வழி விடும், நிறுத்தினால் திரும்ப வந்து அடைத்துக்கொள்ளும். துடை என்று நான் கத்துவதற்குக் காரணம், நுனியில் படிந்த உப்புத் தூளும் மணலும் கிரீஸோடு சேர்ந்து உள்ளே போனால் பின்னைத் தேய்த்துத் தின்றுவிடும் என்பதுதான். ஓரங்களில் கறுத்த பழைய கிரீஸ் வெளியேறி, பிறகு புதுக் கிரீஸின் நிறம் தெரியும்வரை அடிக்க வேண்டும். எவ்வளவு அடித்தும் உள்ளே ஏறவில்லை என்றால், நிப்பிளைக் கழற்றித் தனியாகக் கையில் வைத்து அடித்துப் பார்ப்போம். அப்போது கிரீஸ் வந்தால் அடைப்பு பின்னுக்குள் இருக்கிறது. வராவிட்டால் நிப்பிளை மாற்ற வேண்டியதுதான். பெரியவர் முழுவதும் கேட்டுவிட்டு, வேறு பெயர் வைத்துக்கொள்ளக் கூடாதா என்றார். வைக்கலாம், ஆனால் உதிரிபாகக் கடையில் அந்தப் பெயருக்கு எதுவும் கிடைக்காது என்றேன். அவர் சமாதானமானதாகத் தெரியவில்லை.

மண்டபம், துறைமுகம் அருகே கடை நடத்தும் பெண்

நீங்கள் எல்லோரும் எல்லாம் தொழில் சொல் என்கிறீர்கள். மீன்பிடித் தடைக் காலத்தில் ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதிவரை படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கிறார்கள். அப்போது என் கடைக்கு எதிரே நாள் முழுவதும் தாயையும் தமக்கையையும் இழுத்துப் பேசுகிறார்கள். அதற்கும் நட்டு, போல்ட் என்று ஏதாவது பொருள் இருக்கிறதா? நான் பொறுத்துக்கொள்ள வேண்டுமா?

தங்கச்சிமடம், வீடு கட்டிவரும் குடும்பத் தலைவி

இல்லை அம்மா, நான் கேட்டது அதைப் பற்றி அல்ல. நீங்கள் சொல்வது வசைதான், அதை யாரும் பொறுக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் நான் கவனித்த வேறுபாடு ஒன்று உண்டு. ‘சூத்’ என்ற சொல்லுக்கு முன்னால் எப்போதும் ஓர் எண் வந்தது. சொன்னதும் ஒருவர் எழுந்து போய் ஒரு கம்பியை எடுத்து வந்தார். வசைக்கு முன்னால் எண் வராது, அதைக் கேட்டு யாரும் பொருள் எடுத்து வர மாட்டார்கள். உங்கள் இடத்தில் படகு உரிமையாளர்களிடம் நேரே சொல்லிப் பாருங்கள்.

கீழக்கரை, ஓய்வுபெற்ற கப்பல் இயந்திரப் பணியாளர்

எனக்கு வாய்த்தது ‘காக்’. கடல்நீரை எஞ்சின் குளிர்ச்சிக்காக உள்ளே விடும் வாய்க்கு, கப்பலிலும் விசைப்படகிலும் சீ காக் என்றுதான் பெயர். நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பது அது. பாசியும் நெகிழிப் பையும் வந்து வடிகட்டியை அடைத்துக்கொண்டால் எஞ்சின் சூடேறும். வடிகட்டியைத் திறப்பதற்கு முன் காக்கை மூடியாக வேண்டும். மறந்தால் கடல் நேராக எஞ்சின் அறைக்குள் வரும். மண்டபத்தில் விசைப்படகு ஓட்டும் என் தம்பி மகனிடம் தொலைபேசியில், “காக்கை மூடினியா, காக்கை மூடினியா” என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். என் மனைவிக்கு அது பறவையாகக் கேட்டது, ஏதோ காகத்தைக் கூடையில் அடைக்கச் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறார். ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் பேத்தியோ முகம் சிவந்து, அந்தச் சொல்லை வெளியே சொல்லாதீர்கள் தாத்தா என்றாள்.

அவளுக்காக இப்போது ‘கடல் வால்வு’ என்று சொல்லிப் பார்க்கிறேன். வீட்டில் அது சரி. ஆனால் படகில் வால்வு என்று பெயருள்ளவை இன்னும் பல இருக்கின்றன. அவசரத்தில் அந்தப் பையன் எதைத் திருகுவான் என்ற அச்சத்தால், அவனிடம் பழைய சொல்லையே சொல்கிறேன்.

இராமநாதபுரம், கட்டடப் பொறியாளர்

கப்பல்காரர் சொல்வதை ஏற்கிறேன், ஆனால் எங்கள் தொழிலில் மில்லிமீட்டருக்கு மாறலாம் என்றே எண்ணுகிறேன். வரைபடத்திலும் கடைச் சீட்டிலும் அதுதான் இருக்கிறது. இப்போது ஒவ்வொரு கம்பிக் கட்டின் முனையிலும் 10 என்றும் 12 என்றும் வண்ணத்தில் எழுதிவைக்கச் சொல்கிறேன். சாரத்தின் மேலிருந்து இன்னும் ‘சார் சூத்’ என்றுதான் குரல் வருகிறது, கீழே 12 என்று எழுதிய கட்டிலிருந்து கம்பி சரியாகப் போகிறது. அதற்கு மேல் அவர்கள் வாயைக் கட்ட வேண்டுமா என்பதில் எனக்கும் எங்கள் மேஸ்திரிக்கும் இன்னும் உடன்பாடு இல்லை.