இன்டர்வியூ முடிந்ததும் சைட், ஷிஃப்ட் கேட்பது: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

தாம்பரத்தான்: செக்யூரிட்டி வேலைக்கு இன்டர்வியூ முடிஞ்சுது. "ஓ.எம்.ஆர் பக்கம் போடுறோம், திங்கக்கிழமை வந்துடுங்க"ன்னாங்க. எந்த சைட், எந்த ஷிஃப்ட்னு யார்கிட்ட கேக்கறது?

பழைய எஃப்.ஓ: இன்டர்வியூ எடுத்த எச்.ஆருக்கு அது பெரும்பாலும் தெரியாது. எந்த கேட்ல ஆள் குறையுதுன்னு ஃபீல்டு ஆபீசருக்குத்தான் தெரியும். அவர் நம்பரை வாங்காம படி இறங்காதீங்க. மத்திய கைலாஷும் ஓ.எம்.ஆர்தான், சிறுசேரியும் ஓ.எம்.ஆர்தான், நடுவுல 20 கிலோமீட்டருக்கு மேல இருக்கு. அதனால கட்டடத்தோட பேரையும் பக்கத்து பஸ் ஸ்டாப்பையும் கேளுங்க.

அடுத்து, "சார், அது காலி போஸ்ட்டா, ரிலீவரா?"ன்னு கேளுங்க. ரிலீவர்னா மத்தவங்க வீக் ஆஃப் எடுக்கற நாள்ல அவங்க இடத்துல நிக்கணும். இன்னைக்குப் பகல் பேஸ்மென்ட், நாளன்னைக்கு ராத்திரி மெயின் கேட். பதில் மழுப்பலா வந்தா ரிலீவர்னே வெச்சுக்கோங்க.

நைட் டூட்டி: சம்பளம் 18,000னு சொன்னா எத்தனை டூட்டிக்குன்னு கேளுங்க. 12 மணி நேரம், 30 டூட்டின்னா ஒரு டூட்டி 600. நாலு ஆஃப் எடுத்தா 26 டூட்டி, கைக்கு 15,600தான். பி.எஃப், இ.எஸ்.ஐ பிடிச்சா அதுலயும் குறையும்.

சட்டம் பேசுறவன்: 8 மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கினா ஓ.டி டபுள். சட்டமே இருக்கு. தைரியமா 12 மணி நேரத்துக்கு ஒத்துக்கலாம்.

பழைய எஃப்.ஓ: சட்டம் சரிதான் தம்பி. ஆனா அவங்க சொல்ற 18,000லயே ஓ.டி அடங்கிடுச்சும்பாங்க. பேஸிக் எவ்வளவு, ஓ.டி எவ்வளவுன்னு முதல்லயே பிரிச்சுக் கேக்கணும்.

மல்லிகா: ஹவுஸ்கீப்பிங்ல எங்களுக்கு மெஷின் குடுப்பாங்களா, மாப் மட்டும்தானா? அதைத்தான் நான் கேப்பேன்.

நைட் டூட்டி: அக்கா, அவர் ஷிஃப்டைக் கேக்கறார். உங்களுக்கும் அது முக்கியம்தான். காலை 6 மணி ஷிஃப்ட்னா 5:45க்கே பஞ்ச் பண்ணச் சொல்ற சைட் உண்டு. வீட்டுல இருந்து முதல் பஸ் எத்தனை மணிக்குன்னு பாத்துட்டு சரின்னு சொல்லுங்க.

தாம்பரத்தான்: இவ்வளவு கேட்டா வேலை குடுக்காம விட்டுடுவாங்களா?

பழைய எஃப்.ஓ: இன்டர்வியூ நடுவுல கேட்டா முகம் சுளிப்பாங்க. "செலக்ட்"னு சொன்னப்புறம் கேளுங்க. ராத்திரியே ஃபீல்டு ஆபீசருக்கு வாட்ஸ்அப்: "சார், திங்கள் காலை 8 மணி, இந்த சைட், மெயின் கேட், பகல் ஷிஃப்ட். சரிதானே சார்?" அவர் ஓகே போட்டா ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க.

நைட் டூட்டி: அங்க போனப்புறம் கிளையன்ட் ஆள் பாத்துட்டு "இவர் வேணாம்"னா அந்த ஸ்கிரீன்ஷாட் எதுக்கு ஆகும்?

பழைய எஃப்.ஓ: வேற சைட்டுக்குத்தான் அனுப்புவாங்க. அன்னைக்கு டூட்டி போடுவாங்களா இல்லையான்னு மட்டும் முன்னாடியே கேட்டுடுங்க. சில இடத்துல போடறாங்க, சில இடத்துல பஸ் காசு கூடக் கிடையாது.