பொருள்: ட்ரிஸில், ஷவர், கேல், ஸ்டார்ம் – ஏறுவரிசையில் அடுக்க முடியுமா?

சேலம், அழகாபுரம் (மொழிபெயர்ப்பவர்)

வணக்கம். வானிலைச் செயலி ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். ட்ரிஸில், ரெயின், ஷவர், கேல், ஸ்டார்ம் ஐந்தையும் வலு கூடும் வரிசை என்று எடுத்துக்கொண்டு தூறல், மழை, பெருமழை, சூறாவளி, புயல் என்று வைத்தேன். எல்லாம் புழங்கும் சொற்கள், புதிதாக எதையும் ஆக்கத் தேவையில்லை என்று நினைத்தபோதுதான் இந்த வரி வந்தது:

```
msgid "Slight rain showers"
msgstr ""
```

‘லேசான பெருமழை’ என்று எழுதிப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. என்ன செய்யலாம்?

ஆத்தூர் (ஓய்வுபெற்ற தமிழாசிரியை)

ஷவருக்குச் சாரல் போடுங்கள் தம்பி. குளியலறை ஷவரில் வருவதும் அதுதானே. தூறலைவிடக் கொஞ்சம் கூடினால் சாரல், அதைவிடக் கூடினால் மழை, விடாமல் பெய்தால் அடைமழை. படிக்கட்டு சரியாக அமைந்துவிடும்.

ஏற்காடு (காப்பித் தோட்டம்)

டீச்சர், மன்னிக்கணும். சாரல் என்பது மழையின் அளவு இல்லை, அது வரும் விதம். காற்று சாய்த்துக்கொண்டு வந்து முகத்தில் அடிப்பதுதான் சாரல். திண்ணையில் உட்கார்ந்திருப்பவரையும் நனைக்கும். நல்ல மழையிலும் சாரல் உண்டு, தூறலிலும் உண்டு. காற்றே இல்லாமல் செங்குத்தாக விழுவதை இங்கே யாரும் சாரல் என்று சொல்ல மாட்டார்கள்.

ஓமலூர் (வானிலைப் பதிவு வேலையிலிருந்து ஓய்வு)

தோட்டக்காரர் சொல்வது சரி. தம்பிக்கு ஒன்று சொல்கிறேன்: சிக்கல் சொல்லில் இல்லை, படிக்கட்டில் இருக்கிறது. ஐந்தும் ஒரே ஏணியின் படிகளே இல்லை.

ட்ரிஸில் என்பதைத் துளியின் பருமனை வைத்துத்தான் பிரிக்கிறோம். துளி அரை மில்லிமீட்டருக்கும் சிறியது, தாழ்ந்து படர்ந்த மேகத்திலிருந்து நெருக்கமாக வரும், விழுவதைவிட மிதப்பது போல இருக்கும். தேங்கிய தண்ணீரைப் பாருங்கள். துளி விழுந்து வட்டம் வட்டமாக அலை கிளம்பினால் அது மழை. தண்ணீர் அசையாமல் கிடக்க, உங்கள் சட்டை மட்டும் நனைந்தால் தூறல். ஏற்காட்டு ஏரிக்கரையில் நின்றால் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

ஷவர் என்பது எந்த மேகத்திலிருந்து வருகிறது என்பதைச் சொல்லும் சொல். குவிந்து எழுந்த மேகத்திலிருந்து சட்டென்று ஆரம்பித்து, வலு ஏறி இறங்கி, சட்டென்று நிற்கும். நடுவில் வெயில்கூட அடிக்கும். அதில் எவ்வளவு பெய்தது என்பது வேறு கேள்வி. விமான நிலைய வானிலைக் குறிப்பில் இப்படி எழுதுவோம்:

```
-SHRA
+DZ
```

முதலாவது லேசான ஷவர், இரண்டாவது வலுத்த தூறல். வலுவைச் சொல்வது முன்னால் நிற்கும் குறி மட்டும்தான். தூறலின் வலுவை வாளி வைத்து அளப்பதில்லை, எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்று பார்ப்போம். அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் தெரியவில்லை என்றால் அது வலுத்த தூறல்.

சேலம் பக்கம் (சேகோ மில்)

நல்ல நேரத்தில் இந்தப் பேச்சு வந்தது. களத்தில் ஜவ்வரிசி காயும்போது எங்களைக் கெடுப்பது கொட்டும் மழை இல்லை சார், அது வருவது தெரியும், வாரி மூடிவிடுவோம். தூறல்தான் ஏமாற்றும். ஆள் கூப்பிடலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் சரக்கு ஈரமாகி நிறம் மங்கிவிடும். இந்தச் செயலி தூறலைக் காலையிலேயே சொல்லிவிடுமா?

சேலம், அழகாபுரம்

அண்ணே, நான் சொற்களை மட்டும்தான் பார்க்கிறேன், கணிப்பு என் கையில் இல்லை. ஆனால் நீங்கள் சொன்னதில் ஒன்று பிடிபட்டது. தூறல் ‘சின்ன மழை’ என்று நான் நினைத்ததே தப்பு. சரி, ஷவருக்கு என்ன சொல்?

ஏற்காடு

எங்கள் தோட்டத்தில் காய் பறிக்கிற அக்காமார்களிடம் சொல் இருக்கிறது. ‘ஒரு பாட்டம் அடிச்சிட்டுப் போயிருச்சு’ என்பார்கள். வந்தது, அடித்தது, போனது, மூன்றும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

போன சித்திரையில் நடந்ததைச் சொல்கிறேன். காப்பிப் பூ மொட்டு தயாராகி மழைக்குக் காத்திருந்தது. மதியம் ஒரு பாட்டம் பிடித்தது, கால் மணி நேரம். பாதையெல்லாம் செம்மண் தண்ணீர் ஓடியது. நல்ல மழை என்று எல்லாருக்கும் சந்தோஷம். மானியைப் பார்த்தால் 25 சென்ட் தான். எங்கள் பழைய கணக்கில் ஒரு இஞ்ச் நூறு சென்ட், ஆக 6 மில்லிமீட்டர் சொச்சம். பூ மழைக்கு ஒரு இஞ்ச் பக்கத்தில் வேண்டும். கடைசியில் ஸ்பிரிங்ளர் ஓட்டித்தான் பூ பிடிக்க வைத்தோம்.

ஓமலூர்

அருமையான கணக்கு. கால் மணியில் 6 மில்லிமீட்டர் என்றால் மணிக்கு 24 என்ற வேகம். வேகத்தில் பார்த்தால் அது வலுத்த மழை. ஆனால் காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை கூட்டிச் சொல்லும் அறிக்கையில் 2.5 முதல் 15.5 வரை ‘லேசான மழை’. 64.5-ஐத் தொட்டால்தான் ‘கனமழை’. அறிக்கையும் பொய் இல்லை, அக்காமார்களும் பொய் இல்லை. ஒன்று நாளின் கூட்டுத்தொகை, மற்றது பெய்யும் வேகம். அதனால் லேசான, மிதமான, கன என்ற அடைமொழிகள் எதை அளக்கின்றன என்பதைத் தம்பி முதலில் செயலியில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாட்டத்துக்கு என் ஓட்டு.

ஆத்தூர்

பாட்டம் நல்ல சொல், அகராதியிலும் உண்டு. ஆனால் குத்தகைக்கும் பாட்டம் என்ற பெயர் இருக்கிறது. தனியாக நிறுத்தாமல் ‘மழைப்பாட்டம்’ என்று சேர்த்து எழுதலாம். சாரலை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், ஆனால் கேலுக்குச் சூறாவளி, ஸ்டார்முக்குப் புயல் என்பதில் மாற்றம் வேண்டாம். அவை இரண்டும் காற்றின் வலுதானே?

ஓமலூர்

காற்று என்பது சரி, அங்கே ஏணியும் உண்டு. போஃபோர்ட் அளவில் 8 கேல், மணிக்கு 62 கிலோமீட்டரில் ஆரம்பம். 10 ஸ்டார்ம், 89-இல் ஆரம்பம். ஆனால் வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலத்தின் காற்று 62-ஐத் தொட்டதும் நம் செய்தியில் அது ‘புயல்’ ஆகிவிடுகிறது. 89-இல் ‘தீவிரப் புயல்’. ஆக, போஃபோர்ட்டின் கேல்தான் நம் புயல் தொடங்கும் இடம். ஸ்டார்முக்குப் புயல் என்று போட்டால் ஒரே சொல்லுக்கு இரண்டு வேகம் வரும்.

சூறாவளி இன்னும் மோசம். மீனவர்களுக்கான எச்சரிக்கையில் ‘மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சூறாவளிக்காற்று’ என்று படித்திருப்பீர்கள். அது கேலுக்குக் கீழே. ஊர்ப் பேச்சிலோ சூறாவளி புயலைவிடப் பெரியது.

ஆத்தூர்

அப்படியென்றால் புயலைச் சுழலும் அமைப்புக்கு மட்டும் விட்டுவிட்டு, காற்றுக்குக் கடுங்காற்று, கொடுங்காற்று என்று வைக்கலாமே.

ஏற்காடு

கடு, கொடு இரண்டில் எது பெரியது என்று எனக்கு இப்போதே குழப்பம். எஸ்டேட்டில் நாங்கள் சொல்வது இவ்வளவுதான்: ‘சிமிறு ஒடிக்கிற காத்து’, ‘மரம் சாய்க்கிற காத்து’. சில்வர் ஓக்கில் சின்னக் கிளை ஒடிந்தால் முதலாவது, வேரோடு சாய்ந்தால் இரண்டாவது.

ஓமலூர்

போஃபோர்ட் தரைக்குச் சொல்லும் அடையாளமும் ஏறக்குறைய இதுதான். 8-இல் சிறு கிளை ஒடியும், 10-இல் மரம் வேரோடு சாயும். ஆனால் செயலியின் பொத்தானில் ‘மரம் சாய்க்கிற காற்று’ கொள்ளுமா தெரியவில்லை.

சேலம், அழகாபுரம்

கொள்ளாது சார், இடம் குறைவு. தூறல், மழை, மழைப்பாட்டம் மூன்றையும் ஏற்றிவிட்டேன்:

```
msgid "Slight rain showers"
msgstr "லேசான மழைப்பாட்டம்"
```

கேல், ஸ்டார்ம் இரண்டையும் காலியாகவே விட்டிருக்கிறேன். டீச்சரின் கடுங்காற்றுக்கு இரண்டு ஓட்டு வந்திருக்கிறது. கொடுங்காற்றுக்கு ஒன்றுகூட வரவில்லை.