பாடான் பெமிகிர்: தமிழில் எப்படிச் சொல்வது?

டியூஷன் டீச்சர், சுங்கை சிப்புட்
அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமைக்குள் ஆறாம் படிவப் பிள்ளைகளுக்குக் குறிப்பு அச்சடிக்க வேண்டும். இங்கிலீஷில் 'திங்க் டேங்க்' என்பதை மலாயில் 'பாடான் பெமிகிர்' என்று சுலபமாக முடித்துவிட்டார்கள். நான் 'சிந்தனைக் குழாம்' என்று எழுதினேன். "கோப்பிக் கடையில் உட்கார்ந்து பேசுகிறவர்களும் குழாம்தானே டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டுவிட்டாள். ஆராய்ச்சி செய்து, அதை அரசாங்கத்தின் கையில் கொண்டுபோய்ச் சேர்க்கிற இடம் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும்.

புலவர், ஈப்போ
'சூழ்வகம்' என்று எழுதுங்கள் அம்மா. சூழ்தல் என்றால் ஆராய்ந்து எண்ணுதல். "சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்" என்பது குறள் 671. ஆராய்ச்சியின் முடிவு துணிவு. அந்தத் துணிவைத் தள்ளிப்போடுவது தீது என்று அதே குறள் சொல்கிறது.

மொழிபெயர்ப்பாளர், கிள்ளான்
ஐயா, இன்றைக்குச் சூழ்ச்சி என்றால் சதி. "அமைச்சருக்குச் சூழ்வகம் ஆலோசனை" என்று செய்தி போட்டால் போலீசில் புகார் கொடுத்துவிடுவார்கள்.

புலவர், ஈப்போ
சொல்லைக் கெடுத்தது நாம். பயந்து பயந்து விட்டுக்கொடுத்தால் குறளுக்கே உரைநூல் வேண்டியதாகும்.

ஓய்வுபெற்ற கிராணி, சுங்கை சிப்புட்
இப்போதே உரை இல்லாமல் யார் படிக்கிறார்கள்? சொல் கிடக்கட்டும். ஆராய்ச்சி அரசாங்கத்தின் கையில் சேர்ந்தால் மட்டும் போதுமா? நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்தைத் துண்டாடி விற்றார்கள். வெள்ளைக்காரனிடம் மொத்தமாக வாங்கியவர் சிறு சிறு துண்டாக விற்று லாபம் பார்த்தார். துண்டு வாங்கியவருக்கு லயமும் வேண்டாம், அத்தனை ஆளும் வேண்டாம். அப்பாவுக்கு வேலை போனது. பொருளாதாரப் பேராசிரியர் உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து 1962இல் அறிக்கை கொடுத்தார். எங்களுக்கு என்ன ஆயிற்று? தோட்டங்களை வாங்குவதற்காக அமைச்சர் சம்பந்தன் ஆரம்பித்த கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு எடுத்தோம், அதுதான்.

தம்பி, சுங்கை பட்டாணி
நம் விஷயம் என்றால் அலமாரிக்குள் போகும் ஐயா. அவ்வளவுதான்.

பொருளாதார ஆசிரியை, கோலாலம்பூர்
தம்பி சொல்வதில் பாதி உண்மை. துண்டாடலில் மலாய், சீனத் தொழிலாளர்களும்தான் வேலை இழந்தார்கள்.

அதே உங்கு அசிஸ் 1959 டிசம்பரில் இன்னொரு கட்டுரை எழுதினார். ஹஜ் போக நினைத்த கிராமத்து மக்கள் வட்டி கூடாது என்பதால் பேங்குக்குப் போகாமல், பணத்தை வீட்டிலேயே ஒளித்துவைத்தார்கள். போதாததற்கு நிலத்தையும் மாட்டையும் விற்று, திரும்பி வந்ததும் ஏழையானார்கள். வட்டியில்லாமல் சேமித்து, அந்தப் பணத்தை முதலீடு செய்ய ஒரு நிறுவனம் வேண்டும் என்றார். 1962இல் சட்டம், 1963இல் சேமிப்பு ஆரம்பம், 1969இல் இன்றைய தாபோங் ஹாஜி.

எழுதியவர் ஒருவர்தான். ஒன்று மட்டும் ஏன் நடந்தது? வெளிநாட்டுப் புனிதப் பயணம் அரசியலமைப்பில் மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. நிலம் மாநிலத்தின் கையில். ஹஜ் கட்டுரையால் நஷ்டப்படுகிறவர் கிட்டத்தட்ட யாருமில்லை. துண்டாடல் அறிக்கையில், விற்று லாபம் பார்ப்பவர் கையைப் பிடிக்க வேண்டும். அப்புறம் பெரிய தோட்டத்தைப் பலருக்குப் பிரித்து விற்க தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்று தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ பிரிவு வந்தது. அதற்குள் துண்டாடியது துண்டாடியதுதான்.

ஓய்வுபெற்ற கிராணி, சுங்கை சிப்புட்
மாநிலம், மத்தி என்பதெல்லாம் சரிதான். மனமிருந்தால் மாநிலத்தைக் கூப்பிட்டுப் பேச முடியாதா? நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

டியூஷன் டீச்சர், சுங்கை சிப்புட்
இந்தக் கதை இரண்டையும் குறிப்பில் போட்டுவிடுகிறேன். ஆனால் உங்கு அசிஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர். அவரை எந்தச் சொல்லில் அடக்குவது?

மொழிபெயர்ப்பாளர், கிள்ளான்
அவர் 'மதியுரைஞர்'. 1983இல் தொடங்கிய ஐசிஸ் மலேசியா, 2014இல் தொடங்கிய கசானா ஆய்வு நிறுவனம் போன்றவைதான் நீங்கள் கேட்டவை. 'கொள்கை ஆய்வு மையம்' போடுங்கள். அழகில்லை, ஆனால் கோப்பிக் கடை உள்ளே வராது.

தம்பி, சுங்கை பட்டாணி
அதற்கே என் ஓட்டு.

பொருளாதார ஆசிரியை, கோலாலம்பூர்
எனக்கும் சரி. ஆய்வு மட்டும் செய்து, எடுத்துச் சொல்லாத மையங்களும் உண்டு என்பதுதான் இடிக்கிறது.

புலவர், ஈப்போ
மூன்று சொல் சேர்ந்தால் அது விளக்கம், கலைச்சொல் ஆகாது. 'சூழ்வகம்' என்பதை அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள்.

டியூஷன் டீச்சர், சுங்கை சிப்புட்
போடுகிறேன் ஐயா. கட்டுரை கொள்கையாகிற நடைமுறைக்கும் ஒரு சொல் வேண்டுமே?

மொழிபெயர்ப்பாளர், கிள்ளான்
'கொள்கையேற்றம்'?

ஓய்வுபெற்ற கிராணி, சுங்கை சிப்புட்
ஏறியதற்குப் பெயர் வைத்துக்கொள்ளுங்கள். ஏறாததற்குக் 'கிடப்பு' என்று ஏற்கெனவே இருக்கிறது.